ஆறு மணி ஸ்லாட்டும் துவண்ட முருங்கைக்காயும்

*கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறார். அத்தை, மாமா, இரண்டு பிள்ளைகள் என்று வீட்டில் ஆறு பேர். மாமாவுக்குச் சர்க்கரை நோய். ஒரு வாரத்துச் சாமான் மொத்தத்தையும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 முதல் 8 மணி ஸ்லாட்டில் ஆப் வழியாக வாங்குகிறேன். போன வாரம், ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளுக்குச் சொதி வைக்கலாம் என்று ஆர்டர் போட்டேன். முருங்கைக்காய் துவண்டு கிடந்தது. தேங்காய்க்குப் பதிலாகத் தேங்காய்ப் பவுடர் வந்திருந்தது. தயிர் பாக்கெட் உப்பியிருந்தது. ஞாயிறு காலையில் புகார் சொன்னால், "நேரம் கடந்துவிட்டது" என்கிறார்கள். ஆன்லைனில் வாங்குவதையே விட்டுவிடலாமா?*
*— ஒரு வாசகி, பெருமாள்புரம், பாளையங்கோட்டை*

டீச்சர், விட வேண்டாம். நீங்கள் விட வேண்டியது, எல்லாச் சாமானையும் ஒரே ஆர்டராக, ஒரே ஸ்லாட்டில் போடும் பழக்கத்தைத்தான். முருங்கைக்காய், தேங்காய்ப் பவுடர், தயிர் மூன்றும் வெவ்வேறு குறைகளாகத் தெரிந்தாலும் காரணம் ஒன்றுதான். அது நேரம். சாமான் எந்த நேரத்தில் எடுத்து வைக்கப்பட்டது, அந்த நேரத்தில் உங்கள் போனை யார் எடுத்திருக்க முடியும், பை வந்ததும் எத்தனை மணிக்குப் பிரிக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் போதும். காய்கறிக் கிடங்கில் தரம் பார்க்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன் என்பதால், பொத்தானுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதிலிருந்தே சொல்கிறேன்.

ஆர்டர் போட்டவுடன் உங்கள் தக்காளியும் முருங்கைக்காயும் தனியாக எடுத்து வைக்கப்படும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அப்படி நடப்பதில்லை. புதன்கிழமையே ஆர்டர் போட்டாலும் உங்களுக்கு உறுதியாவது ஸ்லாட் மட்டும்தான். சாமானை அலமாரியிலிருந்து எடுப்பது ஸ்லாட்டுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு. 6 மணி ஸ்லாட் என்றால் நாலரை, ஐந்து மணிக்கு ஒருவர் கையில் ஸ்கேனரோடு உங்கள் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நடப்பார். அந்த நேரத்தில் காய்கறிக் கூடையில் என்ன மிஞ்சியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. காலையிலிருந்து வந்த ஆர்டர்களுக்கெல்லாம் நல்லதாகப் பார்த்து எடுத்த பிறகு கிடக்கிற முருங்கைக்காய் அது. ஏசி ஓடுகிற அறை என்றாலும் முருங்கைக்காயும் கீரையும் கொத்தமல்லியும் மணிக்கு மணி ஈரத்தை இழந்துகொண்டேதான் இருக்கும்.

திரையில் ‘இருக்கிறது’ என்று காட்டியதே, பிறகு எப்படி இல்லாமல் போகும் என்று கேட்பீர்கள். ஆப் காட்டுவது கணக்கில் உள்ள இருப்பை. பாக்கெட் சாமானில் கணக்கும் அலமாரியும் பெரும்பாலும் ஒத்துப்போகும். உதிரியாக விற்கிற காய்கறியில் அப்படி ஒத்துப்போகாது. அழுகியதைக் கழித்திருப்பார்கள், எடை குறைந்திருக்கும், அதையெல்லாம் உடனே கணக்கில் ஏற்றியிருக்க மாட்டார்கள். சாயங்காலம் ஆக ஆக இந்த இடைவெளி கூடும். "இல்லை, அதற்குப் பதில் இது" என்கிற சேதி சாயங்கால ஆர்டர்களில் அதிகம் வருவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே முதலில் ஸ்லாட்டைச் சரிசெய்யுங்கள். அதிகாலை ஸ்லாட்டுதான் எப்போதும் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பகுதிக் கிடங்குக்குக் காய்கறி எப்போது வந்து இறங்குகிறது என்பதைப் பொறுத்தது அது. நயினார்குளம் மொத்தச் சந்தையில் விடியுமுன்னே எடுக்கிற கடை என்றால், ஏழெட்டு மணிக்கு அலமாரியில் அன்றைய காய் இருக்கும். வெளியூர் மையத்திலிருந்து லாரியில் வருகிறது என்றால் பத்து மணிக்கு வரலாம், முந்தின ராத்திரியே வந்து இறங்கியும் இருக்கலாம். பத்து மணிக்கு லாரி வருகிற கிடங்கில் காலை ஏழு மணி ஸ்லாட் போட்டால், கையில் கிடைப்பது நேற்றைய மிச்சம்.

இதைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டாம். கீரையைக் கவனியுங்கள். அரைக்கீரை, தண்டங்கீரை, கொத்தமல்லி மூன்றும் மறுநாளைக்குத் தாங்காது என்பதால் கிடங்குகள் அளவாகத்தான் வாங்கும், சீக்கிரம் தீர்ந்தும்விடும். ஆப்பில் இந்த மூன்றையும் தேடி, ‘இருப்பில் இல்லை’ என்பது எந்த நேரத்தில் ‘இருக்கிறது’ என்று மாறுகிறது எனப் பாருங்கள். காலை எழுந்ததும், பள்ளி இடைவேளையில், வீட்டுக்கு வந்ததும் என்று இரண்டு மூன்று நாள் பார்த்தால் போதும். மூன்றும் ஒன்றாகத் திரும்பி வருகிற நேரம்தான் காய்கறி இறங்குகிற நேரம். அதற்கு அடுத்த ஸ்லாட்டைப் பிடியுங்கள். அமாவாசைக்கு முந்தின நாளில் மட்டும் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். வாழைக்காயும் தடியங்காயும் அவரையும் வந்த வேகத்தில் போய்விடும், ஸ்லாட்டும் கிடைக்காது. அந்த வாரம் காய்கறியை இரண்டு நாள் முன்னதாக வாங்கிவிடுவது நல்லது.

ஸ்லாட் விஷயத்தில் நம்ம ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ஸ்லாட்டுக்குள் ஒரே வண்டி பல வீடுகளுக்குப் போகும். உங்கள் வீடு கடைசி என்றால், பை கிடங்கை விட்டு வெளியே வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பால், தயிர், பனீர் போன்றவை 5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டியவை. கெடக்கூடிய உணவு குளிர்ச்சி இல்லாமல் வெளியே இருப்பதற்கு இரண்டு மணி நேரம் எல்லை. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் அதுவும் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். சித்திரையில் பாளையங்கோட்டையில் மத்தியானம் 38 டிகிரி சாதாரணம். அதனால் பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் 12 மணி முதல் 5 மணி வரையிலான ஸ்லாட்டில் குளிர்ச்சாமான் எதையும் போடாதீர்கள். அரிசி பருப்பு எப்போது வந்தாலும் கவலையில்லை.

அடுத்தது மாற்றுப் பொருள். தேங்காய்ப் பவுடர் எப்படி வந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. வெள்ளிக்கிழமை நாலரை, ஐந்து மணிக்குக் கிடங்கில் தேங்காய் இல்லை. எடுத்து வைக்கிறவருக்கு ஆப்பே ‘இதற்கு நெருக்கமானது’ என்று ஒரு பட்டியல் காட்டும். உங்களுக்குப் போன் வந்திருக்கும். நீங்கள் ஸ்பெஷல் கிளாஸில் இருந்திருப்பீர்கள், போன் சைலண்டில் கிடந்திருக்கும். அவருக்கு ஒரு ஆர்டருக்கு நிமிஷக் கணக்கில்தான் நேரம். பவுடரைப் போட்டுவிட்டு அடுத்த ஆர்டருக்குப் போய்விட்டார். சொதிக்குத் தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது.

இதற்கு இரண்டு மாற்றம் செய்யுங்கள். ஒன்று, ஆப்பில் உங்கள் முகவரியைத் திறந்தால் ‘பெறுபவர் எண்’ என்று ஒரு இடம் இருக்கும். அதில் அத்தையின் எண்ணைப் போடுங்கள். எடுத்து வைக்கிறவர் கூப்பிடும் நேரத்தில் வீட்டில் இருந்து போனை எடுக்கக்கூடியவர் அவர்தான். தேங்காய் இல்லையென்றால் என்ன செய்வது என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சில ஆப்களில் கிடங்கிலிருந்து வரும் அழைப்பு கணக்கில் பதிவான எண்ணுக்கே போகும். அப்படியானால் காய்கறிக்கு மட்டும் அத்தையின் போனிலேயே ஒரு கணக்கைத் திறந்துவிடுங்கள்.

இரண்டாவது, மாற்றுப் பொருளைப் பற்றிய விருப்பத்தை ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மொத்த ஆர்டருக்கும் சேர்த்து ‘சரியானதைப் போடுங்கள்’ என்று ஒரே பொத்தானை அழுத்துவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. சீனி, உப்பு, துவரம்பருப்பு, உளுந்து இவற்றுக்கெல்லாம் வேறு கம்பெனி வந்தால் குடி முழுகிப்போகாது. ஒரு கிலோ பாக்கெட் இல்லாமல் இரண்டு அரைக்கிலோ வந்தாலும் பரவாயில்லை. அவற்றுக்கு ‘மாற்றலாம்’ என்றே வையுங்கள், கூடுதல் விலையை யார் கொடுப்பது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வித்தியாசத்தைத் தாங்களே ஏற்கும் நிறுவனங்கள் உண்டு, உங்கள் பில்லில் சேர்க்கிறவர்களும் உண்டு. அன்றைய சமையலே நம்பியிருக்கிற சாமானுக்கு ‘மாற்ற வேண்டாம், பணத்தைத் திருப்புங்கள்’ என்று வையுங்கள். தேங்காய் வராது என்று சாயங்காலமே தெரிந்தால் தெருமுனையில் போய் வாங்கிவிடலாம். பவுடர் வந்திருப்பது ஞாயிறு காலையில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

மாமாவுக்காக வாங்கும் எதற்கும் ‘மாற்ற வேண்டாம்’தான். சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டுக்குப் பதில் அதே கம்பெனியின் சாதா பிஸ்கட் வருவதும், சத்துமாவுக்குப் பதில் இனிப்பு கலந்த பானப் பொடி வருவதும் நடக்கிற காரியம். கணினிக்கு இரண்டும் ஒரே வகை.

கடைசிப் பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு பெட்டி இருக்குமே, அதில் "முருங்கைக்காய் பிஞ்சாக வேண்டும்" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பல ஆப்களில் அந்தப் பெட்டி வண்டியில் கொண்டுவருகிறவருக்குத்தான் போய்ச் சேரும். "மாடி வீடு, பெல் அடிக்கவும்" என்பது போன்ற விவரத்துக்கு உரியது அது. காயை எடுக்கிறவர் அதைப் பார்ப்பதே இல்லை. சாமானுக்குப் பக்கத்திலேயே குறிப்பு எழுத இடம் இருந்தால் மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் எழுதியும் பலன் இல்லை.

இனி புகாருக்கு வருகிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போகிற இடம் இதுதான்.

புத்துணர்வுக்கு உத்தரவாதம் என்று முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதைப் படித்துப் பயன் இல்லை. ஒவ்வொரு சாமானின் பக்கத்திலும் கீழே, விவரங்களுக்கும் கீழே, ரிட்டர்ன் பற்றி ஒரு வரி இருக்கும். அதுதான் கணக்கு. காய்கறிக்கு 24 மணி நேரம் என்றும், பால், தயிர், மீனுக்கு அன்றைக்கே என்றும், பாக்கெட் சாமானுக்குச் சில நாட்கள் என்றும் வகைக்கு வகை மாறும். வந்து சேர்ந்ததாகப் பதிவான நிமிஷத்திலிருந்து அந்த நேரம் ஓடத் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை ஏழரைக்கு வந்த பைக்கு 24 மணி நேரம் சனிக்கிழமை ஏழரையோடு முடிந்துவிடும். நீங்கள் முருங்கைக்காயை எடுத்தது ஞாயிறு காலையில்.

அதே இடத்தில் ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று போட்டிருந்தால் பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். கொடுத்த காயைத் திரும்ப எடுத்துப்போக மாட்டோம் என்பதுதான் அதன் பொருள். கெட்டுப்போனதற்குப் பணம் கிடையாது என்று அர்த்தமில்லை. நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள் 2020இல் இது தெளிவாக இருக்கிறது. பொருள் குறைபாடுள்ளதாக இருந்தாலும், விளம்பரத்தில் சொன்னபடியோ ஒப்புக்கொண்டபடியோ இல்லாவிட்டாலும், விற்பவர் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது. உங்கள் சம்மதம் கேட்காமல் தேங்காய்க்குப் பவுடர் அனுப்பியது ஒப்புக்கொண்டபடி இல்லாத பொருள். ‘சரியானதைப் போடுங்கள்’ என்று நீங்களே அழுத்தியிருந்தால் மட்டும் இந்த வாதம் பலவீனமாகிவிடும்.

தேதி விஷயத்திலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். விலை, எடை, தயாரித்தவர் பெயர் எல்லாம் திரையில் காட்டியாக வேண்டும் என்று பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகள் சொல்கின்றன. தயாரித்த மாதம், வருஷத்துக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஆகவே பாக்கெட் எவ்வளவு பழையது என்பது கைக்கு வந்த பிறகுதான் தெரியும். அதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. வாடிக்கையாளர் கைக்கு வரும்போது பொருளின் ஆயுளில் குறைந்தது 30 சதவீதமோ அல்லது 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024இல் ஆன்லைன் விற்பனையாளர்களிடம் வலியுறுத்தியது. தயிர், மாவு, பனீருக்கு 45 நாள் பேச்சுக்கே இடமில்லை, 30 சதவீதத்தைத்தான் பார்க்க வேண்டும். ஏழு நாள் ஆயுள் போட்ட இட்லி மாவு என்றால் வந்த அன்று இரண்டு நாளாவது பாக்கி இருக்க வேண்டும். பதினைந்து நாள் பனீர் என்றால் நாலரை நாள். இதற்குக் குறைவாக வந்தால், கெடாமல் இருந்தாலும் அன்றைக்கே புகார் போடலாம்.

சரி, பை வந்ததும் யார் பார்ப்பது? அத்தைதான். எல்லாவற்றையும் பிரித்து எண்ணச் சொல்லாதீர்கள், அது அவருக்குப் பாரம். குளிர்ந்தது, பச்சையானது, மாற்றி வந்தது என்ற மூன்றை மட்டும் உடனே பார்த்தால் போதும். பத்து நிமிஷ வேலை.

குளிர்ந்ததில், தயிரையும் பாலையும் கன்னத்திலோ முழங்கைக்கு உள்பக்கத்திலோ வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்க வேண்டும். தயிர் பாக்கெட் உப்பியிருந்தால் வழியில் எங்கோ சூடு பட்டு, ஈஸ்ட் போன்ற வேண்டாத கிருமிகள் பெருகி வாயு உண்டாகியிருக்கிறது என்று பொருள். முகர்ந்து பார்த்து முடிவுசெய்ய வேண்டாம், பிரிக்காமலே படம் எடுத்துவிட்டு ஒதுக்கிவிடுங்கள். இட்லி மாவு பாக்கெட் கதை வேறு. மாவு புளிக்கும்போது வாயு வருவது இயல்பு, அதனால் லேசாக உப்பியிருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் பந்து போலப் புடைத்துக்கொண்டு, தொட்டால் வெதுவெதுப்பாகவும் இருந்தால், மறுநாள் காலை இட்லிக்கு அது ஆகாது, புளிப்பு ஏறியிருக்கும். உறைந்த பட்டாணியைக் குலுக்கிப் பாருங்கள். மணி மணியாகச் சத்தம் வர வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது.

பச்சையில், முருங்கைக்காயை ஒன்று எடுத்து நுனியில் ஒடிக்கச் சொல்லுங்கள். புதிய காய் ‘டக்’கென்று ஒடிந்து நார் மட்டும் தொங்கும். துவண்டது வளையுமே தவிர ஒடியாது, தோலில் சுருக்கம் விழுந்திருக்கும். கீரைக் கட்டை அவிழ்த்து நடுவில் கையை விட்டால் சூடாக இருக்கிறதா, இலை கறுத்து வழுவழுப்பாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கட்டுக்கு வெளியே பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. தேங்காயில் கண் பக்கம் ஈரமோ பூஞ்சையோ இருக்கக் கூடாது, குலுக்கினால் தண்ணீர் ஆட வேண்டும். இரண்டு மூன்று வாங்கியிருந்தால் ஒன்றை அன்றைக்கே உடைத்துப் பார்ப்பது நல்லது. மற்றவையும் பெரும்பாலும் அதே மூட்டையிலிருந்து வந்தவையாக இருக்கும்.

மாற்றி வந்ததைக் கண்டுபிடிக்கப் பில்லைப் பார்த்தாலே போதும். எது மாற்றப்பட்டது என்று அதில் தனியாகக் காட்டியிருப்பார்கள். வேண்டாம் என்றால் கொண்டுவந்தவர் வாசலில் நிற்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் சுலபம். ஒரு பொருளை மட்டும் மறுக்கும் வசதி பல இடங்களில் உண்டு.

குறை இருந்தால் படம் எடுக்கும் முறை இது. முதலில் பையில் ஒட்டிய ஆர்டர் சீட்டோடு சேர்த்து ஒரு படம், பிறகு கெட்ட இடம் தெரிய ஒரு படம், பாக்கெட் என்றால் தேதியும் பேட்ச் எண்ணும் தெரிய ஒரு படம். எடை குறைவாகத் தோன்றினால் வீட்டுத் தராசில் வைத்து எண் தெரிய எடுக்க வேண்டும். அத்தை படத்தை உங்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பினால், வீட்டுக்கு வரும் வழியிலேயே நீங்கள் ஆப்பில் புகாரைப் பதிந்துவிடலாம். பணம் எங்கே திரும்பும் என்று ஆப் கேட்கும். அவர்கள் வாலட் என்பதை அவசரத்தில் தொட்டுவிடாதீர்கள், செலுத்திய கணக்குக்கே என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது உங்கள் சொதியையே எடுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமையை மறுபடி திட்டமிட்டுப் பார்ப்போம். பாசிப்பருப்பு, அரிசி, எண்ணெய், சீனி இவையெல்லாம் மாதத்தின் முதல் வாரத்தில் தனி ஆர்டராக, மத்தியான ஸ்லாட்டில் வந்திருக்கும். மாற்றலாம் என்ற அனுமதியோடு. உருளைக்கிழங்கு, கேரட், இஞ்சி, எலுமிச்சம்பழம் நாலும் மூன்று நாள் தாங்கும், வியாழக்கிழமை வந்தாலும் குறைவில்லை. பீன்ஸும் முருங்கைக்காயும் தேங்காயும்தான் சொதியைத் தீர்மானிப்பவை. அவற்றைச் சனிக்கிழமை, கீரை பார்த்துக் கண்டுபிடித்த அந்த ஸ்லாட்டில், ‘மாற்ற வேண்டாம்’ என்று போடுங்கள். நீங்கள் வீட்டில் இருப்பீர்கள், பையை அப்போதே பார்த்துவிடலாம். தேங்காய் வராவிட்டால் வாங்கிவர ஒரு சாயங்காலம் முழுக்கக் கையில் இருக்கும். முருங்கைக்காய் சரியில்லையென்றால் ஞாயிறு விடியலில் மகாராஜநகர் உழவர் சந்தைக்கு வீட்டுக்காரர் ஒரு நடை போய் வரலாம், உங்களுக்குப் பக்கம்தானே. தயிர், பால், மாவு மூன்றையும் வார ஆர்டரிலிருந்தே எடுத்துவிடுங்கள். தெருவில் உள்ள பால் கடையிலோ, அரை மணி நேரத்துக்குள் கொண்டுவரும் சேவையிலோ தேவைப்படும் அன்றைக்கு வாங்குங்கள். குளிர்ச்சாமானுக்குத் தூரம் குறைவதுதான் பாதுகாப்பு.

ஆர்டரைப் பிரித்தால் டெலிவரிக் கட்டணம் கூடுமே என்பீர்கள். கூடத்தான் செய்யும். ஒரு தடவைக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு ஒரு ஆர்டர் கூடுவதற்கு மாதம் 120 ரூபாய். கெட்டுப்போய்க் கொட்டுகிற காய், தயிரின் பில்லை ஒரு மாதம் கூட்டிப் பாருங்கள். அது 120க்குக் கீழே இருந்தால் பிரிக்காமலே இருங்கள், நான் வற்புறுத்த மாட்டேன். இலவச டெலிவரிக்கு இன்னும் 90 ரூபாய் வேண்டும் என்று ஆப் சொல்லும்போது மட்டும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். அந்தத் தொகைக்கு வெள்ளரிக்காயோ கீரையோ சேர்க்காதீர்கள். சோப்பு, உப்பு, தீப்பெட்டி போல இருந்தாலும் கெடாத ஒன்றைச் சேருங்கள்.

மீனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். துண்டு போட்டு வரும் மீனில் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை, பழசா புதுசா என்று பார்க்க வழியே இல்லை. தூத்துக்குடிக் கடலும் உவரிக் கடலும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, வழக்கமாக வாங்கும் மீன்காரரிடமே வாங்குங்கள். ஆப்பில்தான் வாங்க வேண்டும் என்றால் முழு மீனாக, தலையோடு கேளுங்கள்.

போன வாரத்துப் பணம் போனது போனதுதான் என்று விட வேண்டியதில்லை. முருங்கைக்காய்க்கு இப்போது ஆதாரம் இல்லை, அதை விட்டுவிடுவோம். தேங்காய்ப் பவுடர் உங்கள் பில்லிலேயே இருக்கிறது. தயிரைப் படம் எடுத்திருந்தால் அதுவும் இருக்கிறது. ஆப்பின் அடிப்பகுதியில் குறைதீர் அதிகாரியின் பெயரும் மின்னஞ்சலும் கட்டாயம் போட்டிருக்க வேண்டும். சாட்டில் பேசுகிறவரோடு மல்லுக்கட்டாமல் அவருக்கே எழுதுங்கள். ஆர்டர் எண், பொருள், நீங்கள் சம்மதிக்காமல் மாற்றியது, கேட்கும் தொகை, இவ்வளவு போதும். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது அதே 2020 விதிகளில் உள்ளது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். கூப்பிடும்போது அந்த மின்னஞ்சலையும் பில்லையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.